ஏழே நாள்ல... கையில எட்டு, கால்ல ஏழு!



ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிப்போம். நம்ம உடம்புல மொத்தம் 206 எலும்பு. மணிக்கட்டுல இருந்து விரல் நுனி வரைக்கும் ஒரு கையில மட்டும் 27. கணுக்கால்ல இருந்து கால்விரல் நுனி வரைக்கும் ஒரு பாதத்துல 26. ரெண்டையும் ரெண்டால பெருக்கிக் கூட்டிப் பாருங்க... 106! உடம்புல இருக்கிற எலும்புல பாதிக்கு மேல கையிலயும் கால்லயும்தான் குடியிருக்கு.

இதுல விரல் எலும்பெல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு வருது. பிரச்னை இல்லை. மெடிக்கல், நர்சிங், பிசியோதெரபின்னு எதுல சேர்ந்தாலும் ஃபர்ஸ்ட் இயர் பசங்களைத் தூங்கவிடாம பண்றது வேற 15 எலும்பு. மணிக்கட்டுக்குள்ள கூழாங்கல் மாதிரி நெருக்கியடிச்சுக் கிடக்கிற 8 கார்பல் எலும்பு. பாதத்தோட பின்பாதியில இருக்கிற 7 டார்சல் எலும்பு.

'நட்டு, போல்ட்டு படிக்கிற உனக்கு எதுக்குப்பா எலும்பு ஆராய்ச்சி?'ன்னு கேக்குறீங்களா? காரணம் எங்க சித்தி பொண்ணு. ஜூஜுவாடியில சிப்காட்டை ஒட்டின லைன் வீடு. ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 7.5 சதவிகித ஒதுக்கீட்டுல எம்.பி.பி.எஸ். கிடைச்சு, இப்போ முதல் வருஷம். எங்க ஊர்ல ஒரு தெரு தாண்டினா தமிழ், அடுத்த தெரு தெலுங்கு, செக்போஸ்ட் தாண்டினா கன்னடம். மூணையும் சமாளிச்சவளை நாலாவதா வந்த லத்தீன் கவுத்துடுச்சு! "அண்ணா, அடுத்த திங்கள் ஸ்பாட்டர்ஸ் டெஸ்ட். நாலு நாளா படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரியுது, புக்கை மூடினா எல்லாம் ஓடிப் போயிடுது"ன்னு நின்னா. (ஸ்பாட்டர்ஸ்னா, மேஜையில எலும்பு இருக்கும், அம்புக்குறி ஒட்டியிருக்கும். பேர் எழுதிட்டு அடுத்த மேஜைக்கு நகரணும். யோசிக்கிறதுக்கு நேரம் கிடையாது.)

அவ பாடம் நடத்தினா, நான் பிளான் போட்டேன். அந்த ஏழு நாள் கதைதான் இந்த வாரம்.

படிச்சா போதாதா பாஸ்?

போதாது. இதுக்கு ஒரு சூப்பர் ஆராய்ச்சி இருக்கு. அமெரிக்காவுல வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு உளவியல்காரங்க 2006-ல ஒரு ரிசல்ட் வெளியிட்டாங்க. காலேஜ் பசங்ககிட்ட ஒரு சின்னப் பாடத்தைக் கொடுத்தாங்க. ஒரு குரூப், அதையே நாலு ரவுண்டும் திரும்பத் திரும்பப் படிச்சது. இன்னொரு குரூப், முதல் ரவுண்டுல மட்டும் படிச்சது. மிச்ச மூணு ரவுண்டும் பாடத்தைப் பார்க்காம, வெள்ளைத்தாள்ல ஞாபகம் இருக்கிறதை எழுதிப் பார்த்தது.

அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சப்போ, படிச்ச குரூப்புக்கு 83 சதவிகிதம் ஞாபகம் இருந்துச்சு. எழுதிப் பார்த்த குரூப்புக்கு 71 தான். ஆனா, ஒரு வாரம் கழிச்சு வெச்ச டெஸ்ட்ல கதையே தலைகீழ். படிச்ச குரூப் 40-க்கு விழுந்துடுச்சு. எழுதிப் பார்த்த குரூப் 61-ல நின்னுச்சு.

'படிக்கும்போது தெரியுது, மூடினா ஓடுது'ங்கிறதுக்கு இதுதான் விளக்கம். புக் கண்ணு முன்னாடி இருக்கும்போது 'தெரியும்'னு தோணுறது, கண்ணு பார்த்துப் பழகினதால வர்ற உணர்வு. மூளையில இருந்து தேடி எடுக்கிற வேலை அங்கே நடக்கவே இல்லை. டெஸ்ட்ல கேக்குறது அந்த வேலையைத்தான். அதனால எங்க பிளானோட ஒரே ரூல்: தினமும் முதல் வேலை, புக்கைத் தொடாம, நேத்து படிச்சதை வெள்ளைத்தாள்ல வரையணும். அதுக்கப்புறம்தான் புதுப் பாடம்.

தேவையான பொருட்கள்: கிழிச்சுப்போட்ட தினசரி காலண்டர் தாள் 15. ஒவ்வொண்ணோட பின்பக்கமும் ஒரு எலும்போட பேர். எதிர்ப்பக்கம், கை அல்லது கால் படம் போட்டு அந்த ஒரு எலும்புல மட்டும் புள்ளி. அப்புறம் ஒரு பால்பாயின்ட் பேனா, அவளோட இடது கை, இடது கால். அவ்ளோதான். தினம் முப்பது நிமிஷம்.

முதல் நாள்: பேர் இல்லை, உருவம்!

இந்தப் பேரெல்லாம் வாயில நுழையாததா தெரியுறதுக்குக் காரணம், அர்த்தம் தெரியாததுதான். கிரேக்கத்துலயும் லத்தீன்லயும் பார்த்ததைப் பார்த்தபடி பேர் வெச்சிருக்காங்க. ஸ்கேஃபாய்டுன்னா படகு மாதிரி. லூனேட்னா பிறை நிலா. ட்ரைகுவெட்ரல்னா மூணு மூலை. பிசிஃபார்ம்னா பட்டாணி. இந்த நாலும்தான் முன்கையை ஒட்டின முதல் வரிசை. படகு, பிறை, முக்கோணம், பட்டாணி. முதல் நாளுக்கு இது போதும்.

இடது கையைத் தூக்கி, உள்ளங்கை உங்களைப் பார்க்கிற மாதிரி வெச்சுக்குங்க. கட்டைவிரல் இடது பக்கம் வரும். நாம தாள்ல எழுதுற மாதிரி, கட்டைவிரல் பக்கத்துல இருந்து சுண்டுவிரல் பக்கம் போகணும். மணிக்கட்டு ரேகை மேல சுண்டுவிரல் பக்கமா அழுத்திப் பாருங்க. பட்டாணி சைஸ்ல ஒரு மேடு தட்டுப்படுதா? அதுதான் பிசிஃபார்ம். அது ட்ரைகுவெட்ரல் மேல ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால உள்ளங்கைப் பக்கமிருந்து பார்த்தாதான் எட்டு எலும்பும் தெரியும். புறங்கைப் பக்கமிருந்து பார்த்தா ஏழுதான்!

இனி படகைத் தேடுவோம். 'சூப்பர்!'னு காட்டுற மாதிரி கட்டைவிரலை விறைப்பா தூக்குங்க. மணிக்கட்டுல, கட்டைவிரலோட அடியில ரெண்டு நரம்பு கயிறு மாதிரி எழும்பும் (நாமதான் நரம்புன்னு சொல்றோம், அவங்க பாஷையில அது டெண்டன்). ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்னப் பள்ளம். அந்தக் காலத்துல மூக்குப்பொடியை அங்கே வெச்சு உறிஞ்சுவாங்களாம், அதனால அதுக்கு இங்கிலீஷ்ல 'பொடி டப்பா'ன்னே பேர். அந்தப் பள்ளத்தோட தரை ஸ்கேஃபாய்டு. இந்தப் பொடி டப்பாவை ஞாபகம் வெச்சுக்குங்க. மூணாம் நாள் வேலை இருக்கு.

இரண்டாம் நாள்: ஹோசூர் டிக்கெட் கவுன்ட்டர்

அடுத்த வரிசை, விரல்களை ஒட்டினது. ட்ரபீசியம், ட்ரபிசாய்டு, கேபிடேட், ஹேமேட். இதையும் கட்டைவிரல் பக்கத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும். நிறைய பேர் முதல் வரிசை முடிஞ்ச சுண்டுவிரல் பக்கத்துலயே ரெண்டாவதைத் தொடங்கி, பாம்பு மாதிரி வளைஞ்சு திரும்புவாங்க. நாலும் தலைகீழாகிடும்.

எட்டையும் வரிசையா ஞாபகம் வெச்சுக்க சீனியருங்க ஒரு இங்கிலீஷ் வாக்கியம் சொல்லித் தருவாங்க: 'ஷீ லுக்ஸ் டூ ப்ரிட்டி, ட்ரை டு கேட்ச் ஹெர்'. ஒவ்வொரு வார்த்தையோட முதல் எழுத்தும் ஒரு எலும்பு. எங்க வீட்டு டாக்டரம்மா கேட்டதும் முறைச்சா. "பொண்ணைத் துரத்துறதை எல்லாம் நான் எதுக்கு மனப்பாடம் பண்ணணும்?" நியாயம்தானே! உட்கார்ந்து நாங்களே ஒண்ணு செஞ்சோம்:

ஸ்கூல் லீவு, ட்ரிப் போலாம்... ட்ரெயின் டிக்கெட் கவுன்ட்டர் ஹவுஸ்ஃபுல்!

ஸ்கூல்-ஸ்கேஃபாய்டு, லீவு-லூனேட், ட்ரிப்-ட்ரைகுவெட்ரல், போலாம்-பிசிஃபார்ம். அடுத்த வரிசை, ட்ரெயின்-ட்ரபீசியம், டிக்கெட்-ட்ரபிசாய்டு, கவுன்ட்டர்-கேபிடேட், ஹவுஸ்ஃபுல்-ஹேமேட். ஹோசூர் ஸ்டேஷன் கவுன்ட்டரை மனசுல வெச்சுக்கிட்டா தானா வரும். நீங்க செய்றப்ப உங்க ஊர் ஸ்டேஷனைப் போட்டுக்குங்க. சொந்தமா செஞ்ச வாக்கியம்னா அதைச் செய்யும்போதே பாதி மனசுல ஏறிடுது.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. ட்ரபீசியம் முதல்லயா, ட்ரபிசாய்டு முதல்லயா? ரெண்டும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறதால வாக்கியம் காப்பாத்தாது. இதுக்குத் தனி ஆணி அடிச்சோம். கட்டைவிரலுக்கு இங்கிலீஷ்ல தம்ப். 'ட்ரபீசியம்-தம்ப்'. 'யம்'முக்கு 'தம்'. ஸ்கூல்ல சரிவகம்னு படிச்சோமே, அதோட இங்கிலீஷ் பேரும் இதேதான். சரிவகத்து மேல கட்டைவிரல்னு ஒரு படம் மனசுல போட்டாச்சு.

இன்னொரு கேள்வி. இந்த வரிசையில எலும்பு நாலு, விரல் அஞ்சு. எப்படிக் கணக்கு சரியாகும்? ட்ரபீசியம் கட்டைவிரலைத் தாங்குது, ட்ரபிசாய்டு ஆள்காட்டி விரலை, கேபிடேட் நடுவிரலை. கடைசியில இருக்கிற ஹேமேட் மட்டும் மோதிரவிரல், சுண்டுவிரல் ரெண்டையும் தாங்குது. ஹேமேட்னா கொக்கின்னு அர்த்தம், ஒரே கொக்கியில ரெண்டு பை! கேபிடேட்னா தலை. மணிக்கட்டுக்கு நட்டநடுவுல இருக்கிற, எட்டுலயும் பெரிய எலும்பு. இந்த 'கடைசி ஆள் ரெண்டு பேரைத் தாங்குவார்'ங்கிற கணக்கையும் மறந்துடாதீங்க. கால்லயும் வரும்.

அன்னிக்கு ராத்திரி கேட்டேன். எட்டுக்கு எட்டு!

மூன்றாம் நாள்: புதுசா ஒண்ணும் கிடையாது

மறுநாள் காலையில வெள்ளைத்தாள் கொடுத்தேன். எட்டுக்கு அஞ்சு. ட்ரபீசியமும் ட்ரபிசாய்டும் இடம் மாறியிருந்துச்சு, ட்ரைகுவெட்ரல் இடம் காலி. "நேத்து எட்டும் தெரிஞ்சுதேண்ணா!"ன்னு முகம் சுருங்கிடுச்சு. நேத்து ராத்திரி 8, படிச்ச சூட்டோட சூடா வாங்கினது. இன்னிக்கு வந்த 5-தான் நிஜ மார்க். எந்த மூணு போச்சுன்னு தெரிஞ்சதுதான் அன்னிக்கு லாபம். அந்த மூணு சீட்டையும் தனியா எடுத்து, அன்னிக்கு மூணு வேளையும் பார்த்தா. சரியா சொன்ன அஞ்சுக்கும் ஒரு நாள் லீவு.

அடுத்தது சீட்டுக் குலுக்கல். வரிசையா சொல்லக் கூடாது. நான் ஒரு சீட்டைக் காட்டுவேன், புள்ளி வெச்ச எலும்போட பேர் சொல்லணும். 'கேபிடேட்'னு பதில் வந்துச்சு, ஆனா எட்டு செகண்டு கழிச்சு. உதட்டைப் பார்த்தா 'ஸ்கூல் லீவு ட்ரிப்...'னு அசையுது! இதுதான் முக்கியமான மேட்டர். வாக்கியத்தை முதல்ல இருந்து பாடித்தான் ஒரு எலும்பைப் பிடிக்க முடியுதுன்னா, உங்களுக்குத் தெரிஞ்சது வரிசை மட்டும்தான். அந்த எலும்பு இன்னும் பழகலை. மேஜையில அம்புக்குறி ஒட்டினவர் நம்ம வரிசைப்படி ஒட்டியிருக்க மாட்டார்.

இதுக்கு மருந்து, பக்கத்து வீட்டுக் கேள்வி. 'கேபிடேட்டுக்கு ரெண்டு பக்கமும் யாரு?' (ட்ரபிசாய்டு, ஹேமேட்.) 'கட்டைவிரலை மட்டும் தாங்குறது யாரு?' 'பட்டாணி யார் மேல உட்கார்ந்திருக்கு?' இப்படிக் கேட்டா பாட்டு பாடி பதில் எடுக்க முடியாது. படத்துல இருந்துதான் எடுத்தாகணும். அஞ்சு செகண்டுக்குள்ள வந்தா பாஸ்.

இந்த இடத்துல பொடி டப்பாவைப் பத்தின நிஜக் கதை ஒண்ணு. எங்க லைன் வீட்டு அண்ணன் ஒருத்தர், கம்பெனியில நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப, மழை ஈரத்துல பைக் சறுக்கி, உள்ளங்கையை ஊனி விழுந்துட்டார். எக்ஸ்-ரேயில ஒண்ணும் தெரியலை. வலி இருந்தா பத்து நாள் கழிச்சு மறுபடி வந்து காட்டுங்கன்னு சொல்லி பட்டை போட்டு அனுப்பியிருக்காங்க. நாலே நாள்ல வீக்கம் வடிஞ்சதும் மனுஷன் பட்டையைக் கழட்டிட்டு வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டார். திரும்பப் போகவும் இல்லை. "சுளுக்குதாம்மா"ன்னு சொன்னவர்கிட்ட, நம்ம டாக்டரம்மா கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி, அந்தப் பள்ளத்துல லேசா விரலை வெச்சா. "ஆ!"ன்னு கையை இழுத்துக்கிட்டார்.

உள்ளங்கையை ஊனி விழுந்தா, மணிக்கட்டுல அடிக்கடி உடையுற எலும்பு ஸ்கேஃபாய்டு. விரிசல் மெல்லிசா இருந்தா முதல் எக்ஸ்-ரேயில சில சமயம் தெரியாது. பத்து, பதினாலு நாள் கழிச்சு எடுத்தாதான் கோடு தெரியும். அதனாலதான் அந்தப் பள்ளத்துல அழுத்தினா வலிச்சா, எக்ஸ்-ரே சுத்தமா இருந்தாலும் எலும்பு முறிவுன்னே வெச்சுக்கிட்டுக் கட்டு போட்டு, திரும்ப வரச் சொல்றாங்க. அலட்சியமா விட்டா என்ன ஆகும்? இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையில நுழைஞ்சு, பின்னோக்கி முன்கைப் பக்கம் போகுது. நடுவுல உடைஞ்சா பின்பாதிக்கு சப்ளை கட். நம்ம பாஷையில சொன்னா, ஒரே ஃபீடர் லைன், நடுவுல அறுந்தா கடைசி வீட்டுக்குக் கரன்ட் கிடையாது. பின்பாதி சேராமலே போகலாம், செத்தும் போகலாம். அப்புறம் ஆயுசுக்கும் மணிக்கட்டு வலி. மெஷின் பிடிக்கிற கைக்கு அது சோத்துல விழுற அடி.

"அண்ணா, வைத்தியம் சொல்ல எனக்கு இன்னும் தகுதி இல்லை. ஆனா, அவங்க சொன்ன மாதிரி நீங்க திரும்பிப் போயே ஆகணும்"னு விடாம நச்சரிச்சு அனுப்பிவெச்சா. ரெண்டாவது எக்ஸ்-ரேயில எலும்போட இடுப்புல மெல்லிசா ஒரு கோடு. இப்போ மாவுக்கட்டோட இருக்கார். அன்னிக்கு அவளுக்குக் கைகொடுத்தது 'ஸ்கூல் லீவு' வாக்கியம் இல்லை. அந்தப் பள்ளத்துக்கு அடியில என்ன இருக்குங்கிற படம். அதுக்கப்புறம் ஸ்கேஃபாய்டு சீட்டை அவ ஒரு தடவைகூட தப்பா சொல்லலை.

நான்காம் நாள்: கேன்டீன் மெனு

காலையில கை எட்டும் வெள்ளைத்தாள்ல (ஏழு சரி). அடுத்து காலுக்கு இறங்கினோம். ஏழு டார்சலுக்கும் ஒரு கேன்டீன் வாக்கியம்:

டீ, காபி, நன்னாரி, மிக்சர், இட்லி, லெமன் சாதம்... எல்லாத்துக்கும் க்யூ!

முதல் நாள் மூணு மட்டும். டீ-டேலஸ், காபி-கால்கேனியஸ், நன்னாரி-நேவிகுலர்.

கால்கேனியஸ்னா குதிகால் எலும்பு, ஏழுலயும் பெரிசு. அது மேல சவாரி பண்றது டேலஸ். உடம்பு எடை கால் எலும்பு வழியா முதல்ல வந்து இறங்குறது டேலஸ் மேலதான். ஆனாலும் ஒரு தசைகூட அதுல ஒட்டியிருக்காது. ஷெட் கூரையில ஷீட் மாத்துறவங்க தவறிக் குதிகால் ஊன விழுந்தா உடையுறது கால்கேனியஸ். அந்த அதிர்ச்சி முதுகெலும்பு வரைக்கும் ஏறும்ங்கிறதால, அப்படி வர்றவங்களுக்கு முதுகையும் சேர்த்துப் பார்ப்பாங்க.

நேவிகுலர், டேலஸுக்கு முன்னாடி, பாதத்தோட உள்பக்கம். இதுக்கும் அர்த்தம் சின்னப் படகுதான்! கையில ஒரு படகு, கால்ல ஒரு படகு. குழப்பத்துக்குக் கேக்கவே வேண்டாம், பழைய புத்தகங்கள்ல கையில இருக்கிற ஸ்கேஃபாய்டுக்கும் நேவிகுலர்னு பேர் உண்டு. நாங்க அடிச்ச ஆணி: 'நேவிகுலர்-நடக்கிற படகு'. ந-வுக்கு ந.

ஐந்தாம் நாள்: க்யூ எப்பவும் வெளியில

மிச்சம் நாலு. மிக்சர்-மீடியல் க்யூனிஃபார்ம், இட்லி-இன்டர்மீடியட் க்யூனிஃபார்ம், லெமன்-லேட்டரல் க்யூனிஃபார்ம், கடைசியா க்யூ-க்யூபாய்டு. க்யூனிஃபார்ம்னா ஆப்பு மாதிரி. மரம் பிளக்க அடிப்பாங்களே, அந்த ஆப்பு. க்யூபாய்டு பேர்லயே இருக்கு, கனசதுரம்.

கேன்டீன்ல க்யூ எங்கே நிக்கும்? வெளியில! க்யூபாய்டும் பாதத்தோட வெளிப்பக்கம்தான், கால்கேனியஸுக்கு நேர் முன்னாடி. இப்போ ரெண்டாம் நாள் கணக்கை எடுங்க. மூணு ஆப்பும் பெருவிரல்ல இருந்து ஆளுக்கு ஒரு விரலைத் தாங்குது. கடைசி ஆளான க்யூபாய்டு நாலாவது, அஞ்சாவது விரல் ரெண்டையும் தாங்குது. கையில ஹேமேட் செஞ்ச அதே வேலை. இது புரிஞ்சா கையும் காலும் ஒரே டிசைன்தான்.

ஒரே ஒரு வழுக்குப் பாறை இருக்கு. உடம்போட நடுக்கோட்டுக்குக் கிட்ட இருந்தா மீடியல், தள்ளி இருந்தா லேட்டரல். உள்ளங்கையை முன்னாடி காட்டி நிக்கிறதுதான் அனாடமிக்காரங்களோட அட்டென்ஷன். அப்படி நின்னா கட்டைவிரல் வெளிப்பக்கம் போகும், அதாவது லேட்டரல். ஆனா, கால் பெருவிரல் உள்பக்கம், மீடியல்! கைப் பழக்கத்துல காலுக்குப் போனா மூணு ஆப்புல ரெண்டு இடம் மாறிடும். எங்க ரெண்டு வாக்கியமும் பெரிய விரல்ல இருந்தே தொடங்கினது இதுக்காகத்தான். முதல்ல பெரிய விரலைப் பாருங்க, அப்புறம் லேட்டரலா மீடியலான்னு யோசிங்க.

ஆறாம் நாள்: கலக்கல்

15 சீட்டையும் ஒண்ணா கலக்கி அடிச்சோம். காலையில வெள்ளைத்தாள் மார்க் 12. எதிர்பார்த்த மாதிரியே மீடியல், லேட்டரல் ஆப்பு ரெண்டும் இடம் மாறியிருந்துச்சு. நேவிகுலர் இடத்துல ஸ்கேஃபாய்டு. தனித்தனியா படிச்சப்போ வராத தப்பெல்லாம் கலந்தாதான் வெளியே வரும். அதனால கையைத் தனியா, காலைத் தனியா மட்டும் டெஸ்ட் பண்ணி நிறுத்திடாதீங்க.

அப்புறம் பால்பாயின்ட் பேனாவால இடது பாதத்து மேலயே ஏழு எலும்பையும் வரைஞ்சா. சித்தி வந்து பார்த்துட்டு "என்னடி இது, மருதாணியா?"ன்னு கேட்டது தனிக்கதை. சாயங்காலம் சீட்டைத் திருப்பிப் போட்டோம். இதுவரைக்கும் இடத்தைக் காட்டி பேர் கேட்டேன், இப்போ பேரைச் சொன்னா தன் கையில, கால்ல தொட்டுக் காட்டணும். ரெண்டு திசையிலயும் போய் வந்தாதான் வழி தெரியும்.

ஏழாம் நாள்: வீட்டுக்குள்ள ஸ்பாட்டர்ஸ்

சமையல்கட்டு மேடை, டிவி ஸ்டாண்ட், ஜன்னல் திண்டுன்னு 15 இடத்துல சீட்டு. செல்போன்ல டைமர், சீட்டுக்கு முப்பது செகண்டு. பேரை இங்கிலீஷ்ல, ஸ்பெல்லிங்கோட தாள்ல எழுதணும், வாயில சொன்னா செல்லாது. தமிழ் மீடியம் பசங்களுக்கு இது ரொம்ப முக்கியம். எலும்பு தெரிஞ்சும் எழுத்துல மார்க்கை விடக்கூடாதே!

ரிசல்ட்: 14. விழுந்தது ட்ரைகுவெட்ரல், அதுவும் ஸ்பெல்லிங்ல. அதை மட்டும் பத்து தடவை பார்த்து எழுதலை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பார்க்காம, நாலு தடவை எழுதினா. திங்கள்கிழமை டெஸ்ட்ல கார்பல், டார்சல்ல அம்புக்குறி வந்த நாலையும் சரியா எழுதிட்டு வந்துட்டா.

இந்தப் பிளான் எதுக்குப் போதாதுன்னும் சொல்லிடறேன். இது பேரும் இடமும் மட்டும்தான். தனி எலும்பைக் கையில கொடுத்து 'இது வலதா, இடதா?'ன்னு கேட்டா காலண்டர் தாள் உதவாது. அதுக்கு போன் செட்டை உருட்டித்தான் ஆகணும். தசை, தசைநார், மூட்டு அசைவு எல்லாம் தனிப் பாடம். அப்புறம், ஏழாம் நாளோட சீட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பத்து நாள் கழிச்சு ஒரு தடவை, ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவை வெள்ளைத்தாள் எடுங்க. விழுற சீட்டை மட்டும் மறுபடி கையில எடுத்தா போதும்.

சரி, இவ்ளோ நேரம் 'படிச்சீங்க'. இப்போ மேல பார்க்காம பதில் சொல்லுங்க:

1. பொடி டப்பாவோட தரை எந்த எலும்பு?
2. கையில ரெண்டு விரலைத் தாங்குற எலும்பு எது? கால்ல?
3. கேபிடேட்டுக்கு ரெண்டு பக்கமும் யார் யார்?
4. கால் பெருவிரல் மீடியலா, லேட்டரலா?

நாலும் வந்துச்சா? ஒண்ணு வரலைன்னா அந்தப் பத்தியை மட்டும் திரும்பப் பாருங்க. நாளைக்குக் காலையில பல் தேய்க்கும்போது இதே நாலையும் மறுபடி கேட்டுக்குங்க. நிஜ மார்க் அதுதான்!

அடுத்த வாரம் வேற சப்ஜெக்ட், வேற ஏழு நாள். வர்ட்டா!